மேல் கம்பி எங்கே, கீழ்க் கம்பி எங்கே: தள வரைபடத்தைப் படிக்கும் விதம்

கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி சென்ட்ரிங் தகட்டின் மேல் நிற்பார். கண்ணுக்கெட்டிய வரை கட்டம் கட்டமாகக் கம்பி. காலால் ஒன்றிரண்டை மிதித்துப் பார்ப்பார். "நெருக்கமாத்தான் கட்டியிருக்காங்க" என்று திருப்தியோடு இறங்கிவிடுவார். கையில் மடித்து வைத்திருந்த வரைபடத்தைப் பிரித்திருக்கவே மாட்டார்.

கம்பி நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் ஐந்து அங்குலத் தளத்தில் கம்பி எந்த உயரத்தில் கிடக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். அந்த உயரம் வரைபடத்தில் இருக்கிறது. எத்தனை கம்பி, ஒவ்வொன்றும் என்ன நீளம் என்பது கூடவே வரும் பார் பெண்டிங் செட்யூலில் இருக்கிறது. கட்டுமான இடத்தில் அதை பிபிஎஸ் என்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கத் தெரிந்தால், கான்கிரீட்டுக்குள் மறைந்து போகும் முன்பே தவறைப் பிடித்துவிடலாம்.

ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒவ்வொன்றும் உள்ளளவில் 3 மீட்டருக்கு 4 மீட்டர். வெளிச்சுவர்களும் நடுச்சுவரும் 9 அங்குலச் செங்கல் சுவர். வரைபடத்தில் 230 மில்லிமீட்டர் என்று இருக்கும். தளம் சுவரின் வெளிமுகம் வரை போகிறது. ஆக, தளத்தின் ஒரு பக்கம் 3 + 3 மீட்டரும் மூன்று சுவர்களும் சேர்ந்து 6.69 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டரும் இரண்டு சுவர்களும் சேர்ந்து 4.46 மீட்டர். கனம் 125 மில்லிமீட்டர். இந்த அளவுகளை யாரும் தன் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்கும் முறையைக் காட்டத்தான் இந்த வீடு.

வரைபடத்தில் முதலில் கண் போக வேண்டிய இடம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொதுக்குறிப்புகள். கான்கிரீட் எம்20, கம்பி எஃப்இ 500, கவர் 20 மில்லிமீட்டர் என்று மூன்று வரி இருக்கும். கவர் என்றால் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் கம்பிக்கும் இடையே இருக்க வேண்டிய கான்கிரீட் கனம். நம் நாட்டு ஐஎஸ் 456 விதிநூலின்படி உப்புக்காற்றோ ஓயாத ஈரமோ இல்லாத இடத்துக்கு 20 போதும். நடுத்தரச் சூழலுக்கு 30, கடற்கரைக் காற்று நேராக அடிக்கும் இடத்துக்கு 45 என்று அதே நூல் சொல்கிறது. கான்கிரீட்டின் தரமும் அதற்கேற்ப உயர வேண்டும். நாகப்பட்டினத்தில் கடலுக்கு எதிரே கட்டும் வீட்டின் வரைபடத்தில் எம்20, கவர் 20 என்று இருந்தால், ஈரோட்டில் யாருக்கோ போட்ட தாளை அப்படியே கொடுத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

அடுத்து, தளத்தின் படத்தில் கம்பிகளின் மேல் எழுதியிருக்கும் குறிப்புகள். நம் வீட்டுக்கு நான்கு வகைக் கம்பிகள்:

```
1   T8 @ 150 C/C   BOTTOM
2   T8 @ 200 C/C   BOTTOM
3   T8 @ 150 C/C   TOP
4   T8 @ 300 C/C   TOP
```

முதலில் இருப்பது கம்பியின் அடையாள எண். பிபிஎஸ்ஸிலும் அதே எண்தான் வரும். டி8 என்றால் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள முறுக்குக்கம்பி. சில பொறியாளர்கள் டி-க்குப் பதில் ஒய் போடுவார்கள், சிலர் வட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட குறி, சிலர் # குறி. 150 சி/சி என்றால் ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவுக்கு 150 மில்லிமீட்டர், அதாவது மேஸ்திரி சொல்லும் ஆறு இஞ்ச். கடைசியில் இருப்பது அது அடித்தட்டா மேல்தட்டா என்பது.

படத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு கம்பிதான் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்து "இங்கே ஒரு கம்பிதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது மாதிரிக் கம்பி. அதன் குறுக்கே இரு முனையிலும் அம்புக்குறி போட்ட கோடு ஓடும். அந்தக் கோடு தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை அதே கம்பி 150-க்கு ஒன்றாகப் பரவுகிறது என்று பொருள். மேல் கம்பியைச் சில அலுவலகங்கள் தொடர்கோட்டிலும் சில அலுவலகங்கள் விட்டுவிட்ட கோட்டிலும் வரைகின்றன. ஆகவே கோட்டின் பாணியை வைத்து ஊகிக்காமல், தாளின் மூலையில் இருக்கும் குறியீட்டு விளக்கத்தையும், தளத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அந்த வெட்டுப்படம்தான் தாளின் உயிர். அதைப் புரிந்துகொள்ளத் தளம் எப்படி வளைகிறது என்று தெரிய வேண்டும். அறையின் நடுவில் தளம் தன் எடையாலேயே கீழ்நோக்கித் தொய்யப் பார்க்கும். அப்போது அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது; அதனால் அங்கே கம்பி அடியில் வேண்டும். இரண்டு அறைக்கும் பொதுவான நடுச்சுவரின் மேல் கதை தலைகீழ். இரண்டு பக்கமும் தளம் தொய்யும்போது சுவரின் மேல் அது கூனல் போடுகிறது, மேல்பக்கம் இழுபடுகிறது. அங்கே கம்பி மேலே வேண்டும். நம் வீட்டின் 3ஆம் எண் கம்பி அதற்காகத்தான் இருக்கிறது.

இனி அந்த 125 மில்லிமீட்டருக்குள் அடுக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். தகட்டிலிருந்து 20 மில்லிமீட்டர் கவர் பிளாக். அதன் மேல் 1ஆம் எண் கம்பி. இது குறுக்குவாட்டில், அதாவது 3 மீட்டர் இடைவெளியைத் தாண்டிப் போகும் கம்பி; கட்டுபவர்கள் மெயின் கம்பி என்பார்கள். அதன் மேல் உட்கார்வது 4 மீட்டர் பக்கம் போகும் 2ஆம் எண் கம்பி. பலருக்கு நீளப் பக்கம் போகும் கம்பிதான் மெயின் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. சுமை குறுகிய வழியில்தான் சுவரைத் தேடிப் போகும். பெரும்பங்கை ஏற்கும் கம்பி குறுக்குவாட்டில் அடியில் கிடக்க வேண்டும். மாற்றிக் கட்டிவிட்டால் மெயின் கம்பி 8 மில்லிமீட்டர் மேலே போய்விடும், அதன் பிடிப்பு எட்டு சதவீதம் அளவுக்குக் குறையும். அது நல்லதில்லை. ஆனாலும் தளம் விழுந்துவிடும் அளவுக்குப் போகாது.

மேல் கம்பி கீழே இறங்குவதுதான் ஆபத்து. தளத்தின் உச்சியிலிருந்து 20 விட்டு, அதற்குக் கீழே 3ஆம் எண் கம்பி. அதைத் தாங்கி அதன் அடியில் குறுக்காக 4ஆம் எண் கம்பி. தகட்டிலிருந்து அளந்தால் 3ஆம் எண் கம்பியின் தலை 105 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். வளைவைத் தாங்கும் பிடிப்பைக் கணக்கிடும்போது பொறியாளர் தளத்தின் அடிமட்டத்திலிருந்து இந்தக் கம்பியின் நடு வரை உள்ள 101 மில்லிமீட்டரைத்தான் எடுத்துக்கொள்கிறார். கான்கிரீட் சட்டி தூக்கிப் போகிறவர்களின் காலடியில் அது 40 மில்லிமீட்டர் அமுங்கிவிட்டால் 61தான் மிச்சம். கம்பி எண்ணிக்கை சரி, விட்டம் சரி, கம்பெனி சரி. ஆனால் பிடிப்பில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விட்டது. இன்னும் அமுங்கி அடித்தட்டின் மேல் படுத்துவிட்டால் அந்தக் கம்பி அங்கே இருந்தும் பெரிதாகப் பயனில்லை. பிற்பாடு மொட்டைமாடியில் நடுச்சுவருக்கு நேர்மேலே நூல் பிடித்தாற்போல ஒரு கீறல் ஓடும். மழைக்காலத்தில் அதே வரிசையில் ஈரம் இறங்கும். எல்லாரும் சிமெண்ட்டைத் திட்டுவார்கள்.

மேல் கம்பியைத் தூக்கி நிறுத்துவது சேர் என்று சொல்லும் சிறிய முக்காலி. அடித்தட்டின் மேல்பக்கம் தகட்டிலிருந்து 36 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 4ஆம் எண் கம்பியின் அடிப்பக்கம் 89-இல் இருக்க வேண்டும். ஆக, சேரின் உயரம் 53. இது வரைபடத்தில் இருந்தால் நல்லது. பெரும்பாலும் இருக்காது; சேர் கம்பியைப் பலர் பிபிஎஸ்ஸிலும் எழுதுவதில்லை. அப்போது கட்டுபவர் கையில் அகப்பட்ட ஜல்லிக்கல்லை வைத்துச் சமாளிப்பார், மிதித்ததும் அது உருண்டுவிடும்.

சில வரைபடங்களில் 3ஆம் எண் மாதிரித் தனி மேல் கம்பி இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்று அடிக்கம்பியையே சுவருக்குச் சற்று முன்னால் சாய்வாக மேலே தூக்கியிருப்பார்கள். நம் ஊரில் அதைக் கிராங்க் அடிப்பது என்பார்கள். தமிழ்நாட்டில் பழகிப்போன முறை அதுதான். கிராங்க் கம்பி நேர்க்கம்பியைவிடச் சற்று நீளம். 45 பாகைச் சாய்வுக்கு ஒவ்வொரு மடிப்புக்கும் ஏறும் உயரத்தில் 0.42 பங்கு கூட்ட வேண்டும். நம் தளத்தில் மேல் கவர், அடிக்கவர், கம்பி விட்டம் எல்லாம் போக ஏறும் உயரம் 77 மில்லிமீட்டர்; ஒரு கிராங்குக்கு 32 மில்லிமீட்டர் கூடும். சின்னத் தொகைதான், ஆனால் பிபிஎஸ்ஸில் கிராங்க் கம்பிக்கும் நேர்க்கம்பிக்கும் ஒரே நீளம் எழுதியிருந்தால், எழுதியவர் படத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். நம் வீட்டில் மேல் கம்பி தனி, அடிக்கம்பி தனி என்றே வைத்துக்கொள்வோம். கணக்கும் எளிது, கட்டுவதும் எளிது.

இனி பிபிஎஸ். அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பி வகைக்கும் ஒரு வரி; வரியில் கம்பி எண், விட்டம், எத்தனை, ஒன்றின் வெட்டு நீளம் மில்லிமீட்டரில், மொத்த நீளம் மீட்டரில். நம் தளத்துக்கு அது இப்படி வரும்:

```
1   T8   31   6650   206.15
2   T8   35   4420   154.70
3   T8   31   2130    66.03
4   T8    9   4420    39.78
                     466.66
```

வெளிச்சுவர் ஓரத்தில் வரும் சிறு மேல் கம்பிகளும் மூலை வலையும் உண்மையான தாளில் தனி வரிகளாக இருக்கும். கணக்கு முறை ஒன்றுதான் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வரியை நாமே போட்டுப் பார்ப்போம். தளம் 6.69 மீட்டர். இரு முனையிலும் 20, 20 கவர் கழித்தால் கம்பி 6650 மில்லிமீட்டர். சரியாக இருக்கிறது. எத்தனை கம்பி? 1ஆம் எண் கம்பிகள் பரவுவது 4.46 மீட்டர் பக்கத்தில்; கவர் போக 4420. அதை 150-ஆல் வகுத்தால் 29.47. இங்கேதான் இரண்டு சறுக்கல்கள். 29.47 என்பதை 29 ஆக்கினால் இடைவெளி 150-க்கு மேல் போய்விடும்; 30 ஆக்க வேண்டும். அந்த 30 என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. கம்பி அதைவிட ஒன்று கூடுதல், 31. இரண்டையும் கோட்டைவிட்டவர் 29 என்று எழுதுவார். மேஸ்திரியும் 29 தான் வெட்டுவார். கட்டும்போது கடைசியில் இடம் மிஞ்சும், அங்கங்கே இழுத்து விட்டுச் சரிக்கட்டுவார்கள்.

வெட்டு நீளத்தில் இருக்கும் பொறி 3ஆம் வரியில். வரைபடத்தில் நடுச்சுவரின் இரு பக்கமும் மேல் கம்பிக்கு 950 என்று அளவு போட்டிருக்கிறது. ஐஎஸ் 456 இத்தகைய மேல் கம்பியில் பாதியாவது தாங்கியிலிருந்து அறைக்குள் தாவுநீளத்தில் 0.3 பங்கு வரை போக வேண்டும் என்கிறது. அங்கிருந்து வந்த அளவு அது. சரி, 950 எங்கிருந்து? சுவரின் முகத்திலிருந்து என்றால் கம்பியின் நீளம் 950 + 230 + 950, ஆக 2130. சுவரின் நடுக்கோட்டிலிருந்து என்று எடுத்தால் 1900தான். வித்தியாசம் ஒரு சுவரின் கனம். அம்புக்குறியின் நுனி சுவரின் முகக்கோட்டைத் தொடுகிறதா நடுக்கோட்டைத் தொடுகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். பிபிஎஸ் 2130 என்கிறது, ஆக முகத்திலிருந்துதான். படம் ஒன்று சொல்லி பிபிஎஸ் வேறொன்று சொன்னால், எது சரி என்று நாமோ மேஸ்திரியோ தீர்ப்புச் சொல்லக் கூடாது. வரைந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. இரண்டு தாளிலும் திருத்த எண் ஒன்றுதானா என்று பார்ப்பதும் இந்த நேரத்தில்தான். படம் திருத்தப்பட்டு பிபிஎஸ் பழையதாகவே கிடப்பது சர்வசாதாரணம்.

மொத்த நீளம் 466.66 மீட்டர். இதை எடையாக்க ஒரு சூத்திரம் உண்டு:

```
w = d² / 162
```

விட்டத்தை மில்லிமீட்டரில் போட்டால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். இரும்பின் அடர்த்தியையும் வட்டப் பரப்பையும் பெருக்கிச் சுருக்கினால் கிடைப்பதுதான் அந்த 162. எட்டின் வர்க்கம் 64. 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.395 கிலோ. நம் தளத்துக்கு 184 கிலோ.

இந்த 184-ஐ எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பிபிஎஸ் சொல்வது தளத்துக்குள் போகும் கம்பியை. கடைக்காரர் தருவது 12 மீட்டர் ராடு. ஒரு ராடில் 6.65 மீட்டர் கம்பி ஒன்றை வெட்டினால் 5.35 மீட்டர் மிஞ்சுகிறது. 1ஆம் எண் கம்பியை மொத்தமாக வெட்டி ஒதுக்கிவிட்டு, அப்புறம் 2ஆம் எண்ணுக்குப் புது ராடு பிரித்து, அப்புறம் 3, அப்புறம் 4 என்று போனால் 31, 18, 7, 5 என்று மொத்தம் 61 ராடு தீர்ந்துவிடும்.

அதே வேலையைப் பிபிஎஸ்ஸை முன்னால் விரித்துவைத்துக்கொண்டு செய்தால்? 6.65-உம் 4.42-உம் சேர்ந்தால் 11.07 மீட்டர். ஒரே ராடில் 1ஆம் எண் ஒன்றும் 2ஆம் எண் ஒன்றும் வந்துவிடுகின்றன. 31 ராடில் 1ஆம் எண் முழுவதும் முடிந்தது, 2ஆம் எண்ணில் நான்குதான் பாக்கி. அந்த நான்கையும் 4ஆம் எண் ஒன்பதையும் சேர்த்தால் 4.42 மீட்டரில் பதின்மூன்று வேண்டும். ஒரு ராடுக்கு இரண்டு வீதம் ஏழு ராடு; மிஞ்சுவதில் 3ஆம் எண் கம்பி ஒன்பது வெட்டிவிடலாம். பாக்கி 22-க்கு ராடுக்கு ஐந்து வீதம் ஐந்து ராடு. ஆக மொத்தம் 43. ஒரு 12 மீட்டர் ராடு 4.74 கிலோ, வித்தியாசமான 18 ராடு 85 கிலோ. முதல் 31 ராடில் மிஞ்சிய 0.93 மீட்டர்த் துண்டுகளும் வீணாகாது, சேருக்கும் ஓரத்துச் சிறு கம்பிக்கும் போதும். காயலான் கடைக்குப் போகும் கம்பியைக் குறைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆனாலும் சின்ன வீட்டு வேலைகளில் பிபிஎஸ்ஸை பில் பாஸ் செய்யும் தாளாக மட்டுமே பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு இடைஞ்சல் வரும். 8 மில்லிமீட்டர் ராடு லாரியில் நடுவில் மடித்துத்தான் வரும். "மடிச்ச இடத்துலயே வெட்டிடலாம்ண்ணே, ஆறு ஆறு மீட்டரா வரும், நிமித்துற வேலை மிச்சம்" என்பார் கம்பி கட்டுபவர். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நமக்கு வேண்டியது 6.65. குறையும் 0.65 மீட்டருக்கு ஒட்டுக்கம்பி கட்ட வேண்டும். எம்20 கான்கிரீட்டில் எஃப்இ 500 கம்பிக்கு ஒட்டு நீளம் விட்டத்தைப் போல 57 மடங்கு, அதாவது 8 மில்லிமீட்டருக்கு 460 மில்லிமீட்டர். எல்லாக் கம்பியையும் ஒரே பக்கம் ஒட்டினால் 31 ஒட்டுகளும் சுவரிலிருந்து அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையே ஒரே வரிசையில் நிற்கும். ஒட்டுகளை ஒரே கோட்டில் வரவிடாமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பது விதி. நம் பிபிஎஸ் ஒட்டே இல்லாமல் 6650 என்று முழுநீளம் கேட்கிறது. அதைக் காட்டி, மடிப்பை நிமிர்த்தித்தான் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடலாம். தளம் 12 மீட்டருக்கு மேல் நீண்டால்தான் ஒட்டு தவிர்க்க முடியாது. அப்போது ஒட்டு எங்கே வர வேண்டும் என்பதைப் பொறியாளரே படத்தில் காட்டியிருக்க வேண்டும்.

இரும்பு வந்து இறங்கியதும் எடையைப் பார்க்கலாம். 43 ராடு 204 கிலோ காட்ட வேண்டும். ஐஎஸ் 1786 தரவிதி 10 மில்லிமீட்டர் வரையிலான கம்பிக்கு மொத்தமாக எடை போடும்போது ஏழு சதவீதம் வரை கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. ஆக 190 கிலோவுக்குக் கீழே போனால் கம்பி மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். எடைக்குத்தானே காசு, குறைந்தால் நமக்கென்ன நஷ்டம் என்று சிலர் நினைப்பார்கள். டன்னுக்கு அதிக ராடு வந்தது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. பொறியாளர் முழு 8 மில்லிமீட்டரை நம்பித்தான் 150-க்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார். மெலிந்த கம்பியை அதே எண்ணிக்கையில் கட்டினால் தளத்துக்குள் இரும்பு குறைகிறது.

கட்டி முடித்த பிறகு மேலே ஏறினால், ஒரு டேப் போதும். ஒரு இடைவெளியை மட்டும் அளந்து ஏமாறக் கூடாது. அளக்கும் இடத்தில் மட்டும் சரியாக இருக்கும். பத்து இடைவெளியைச் சேர்த்து அளக்க வேண்டும். 1ஆம் எண் கம்பிக்குப் பத்து இடைவெளி ஒன்றரை மீட்டர், 2ஆம் எண்ணுக்கு இரண்டு மீட்டர். இரண்டு மூன்று இடத்தில் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். பிறகு முதல் கம்பியிலிருந்து கடைசிக் கம்பி வரை எண்ணி பிபிஎஸ்ஸின் மூன்றாவது கட்டத்தோடு ஒப்பிடலாம். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் எது அடியில், எது மேலே என்று தெரியும். 3 மீட்டர் பக்கம் போவது அடியில் இருக்க வேண்டும். கவர் பிளாக் நழுவிக் கம்பி தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், சில வருடத்தில் கூரையின் அடிப்பக்கம் துருக்கோடு தெரியும் இடம் அதுதான். மின்குழாய்கள் அடித்தட்டுக்கு மேலேதான் ஓட வேண்டும். கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே சொருகியிருந்தால் எடுத்து மாற்றச் சொல்ல வேண்டும்.

கடைசியாக நடுச்சுவரின் மேல் போக வேண்டும். டேப்பைத் தகட்டில் ஊன்றி 3ஆம் எண் கம்பியின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 105. ஐந்து மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். 80, 70 என்று காட்டினால் சேர் போதவில்லை. மீட்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் வைத்துக் கட்டச் சொல்லலாம். இந்த அளவை வெறும் கம்பியின் மேல் எடுப்பதோடு, ஒருவர் கம்பி மேல் ஏறி நிற்கும்போதும் எடுத்துப் பார்த்தால் நாளைக்கு என்ன ஆகும் என்று இன்றைக்கே தெரியும்.

மறுநாள் கான்கிரீட் ஓடும்போது அந்த இரண்டு மீட்டர் அகலப் பட்டையின் மேல் பலகை போட்டுத்தான் ஆட்கள் நடக்க வேண்டும். பலகையும் கம்பியின் மேல் படாமல் கட்டையில் உட்கார வேண்டும். கம்பி கட்டியவர்களில் ஒருவரைக் கொக்கியோடு அங்கேயே நிறுத்திவைத்தால், அமுங்கியதைக் கான்கிரீட் விழும் முன் அவர் தூக்கிவிடுவார். அந்த ஒருவருக்கு ஒருநாள் கூலி கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே இதைப் பேசி முடித்துக்கொள்வது உத்தமம். காலை ஆறு மணிக்குக் கலவை எந்திரம் உறுமிக்கொண்டிருக்கும்போது கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.